மகன் வேளச்சேரியில், அப்பா செங்காங்கில்: பெற்றோருக்குக் கொடுக்கும் வாடகையும் எச்ஆர்ஏ கணக்கும்

சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் எச்ஆர்ஏ என்றால் பாதிப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. தப்பில்லை. இங்கே முதலாளி வீட்டுச் செலவுக்கென்று ரொக்கமாக எதையாவது கொடுத்தால் அது முழுக்க வரிக்குரிய வருமானம், கதை அவ்வளவுதான். இந்தியாவில் அப்படி இல்லை. சம்பளத்தில் 'வீட்டு வாடகைப் படி' என்று தனியாக ஒரு இனம் இருக்கும், அதுதான் எச்ஆர்ஏ. நீங்கள் உண்மையிலேயே வாடகை கொடுத்தால் அதில் ஒரு பகுதிக்கு வரி கிடையாது. வாங்குகிறவர் சொந்த அப்பாவாகவே இருந்தாலும் சட்டம் தடுக்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியம்தான் ஒவ்வொரு ஜனவரியிலும் எனக்குத் தொலைபேசியாக வந்து சேர்கிறது. சென்னையில் அலுவலகங்கள் வாடகைச் சான்று கேட்கும் மாதம் அது. இந்த முறை கேட்டவர் இங்கே செங்காங்கில் மகள் குடும்பத்தோடு இருக்கும் ஒரு பெரியவர். வேளச்சேரியில் அவர் பெயரில் ஒரு அடுக்குமாடி வீடு. மகன் அதில் குடும்பத்தோடு இருக்கிறான், வேலை பழைய மகாபலிபுரம் சாலையில். "தம்பி, மாசம் 60,000 எனக்கு வாடகை போடுறானாம், வரி மிச்சமாம், நான் பான் நம்பர் மட்டும் கொடுத்தா போதுமாம். போதுமா?" என்று கேட்டார்.

போதாது. ஏன் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. நான் எதிர்பார்க்காத வரிசையில்தான் அவை வந்து நின்றன.

முதலில் கணக்கு. எச்ஆர்ஏவில் எவ்வளவு வரிவிலக்கு என்பதை மூன்று தொகைகளை வைத்துப் பார்ப்பார்கள்: அலுவலகம் கொடுத்த எச்ஆர்ஏ, கொடுத்த வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்த மிச்சம், அடிப்படைச் சம்பளத்தில் பாதி. இவற்றில் எது குறைவோ அதுதான் விலக்கு. பாதி என்ற கணக்கு சென்னை போன்ற பெருநகரங்களுக்கு. மற்ற ஊர்களுக்கு 40 சதவீதம். பஞ்சப்படி ஓய்வூதியத்துக்குச் சேரும் வகையில் இருந்தால் அதையும் அடிப்படைச் சம்பளத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். தனியார் கம்பெனியில் பெரும்பாலும் அது இருக்காது.

மகனின் சம்பளம் ஆண்டுக்கு 24 லட்சம். அதில் அடிப்படை 12 லட்சம், எச்ஆர்ஏ 6 லட்சம், மீதி இதர படிகள். அந்தக் குடியிருப்பில் அதே அளவு வீடு 40,000 ரூபாய்க்குப் போகிறது என்று பெரியவரே சொன்னார். 40,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 4,80,000. அதிலிருந்து 12 லட்சத்தின் 10 சதவீதமான 1,20,000 போனால் 3,60,000. மற்ற இரண்டு தொகைகளும் 6 லட்சம் என்பதால் விலக்கு 3,60,000 ரூபாய்.

நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்த விலக்கு பழைய வரிமுறையில் மட்டும்தான் கிடைக்கும். 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறைதான் இயல்பானது. பழையது வேண்டுமென்றால் நாமே கேட்டு வாங்க வேண்டும். 2025-26இல் புதிய முறையின் வரிப்படிகள் நன்றாகவே தளர்ந்தன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'எச்ஆர்ஏவால் எவ்வளவு மிச்சம்' என்பதல்ல, 'பழைய முறைக்குப் போனால் மொத்தத்தில் மிச்சம் உண்டா' என்பதுதான்.

புதிய முறையில் 24 லட்சத்திலிருந்து 75,000 நிலைக்கழிவு போனால் 23,25,000. வரியும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 2,92,500 ரூபாய். வேறெந்தக் காகிதமும் தேவையில்லை. பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, சேமிப்புக்கான 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குத் தனியாக 50,000, அப்புறம் எச்ஆர்ஏ 3,60,000. எல்லாம் போனால் மிஞ்சுவது 17,65,000. வரி 3,55,680. அதாவது அப்பாவுக்கு நேர்மையாக 40,000 வாடகை கொடுத்து, ரசீது வாங்கி, எல்லாம் செய்த பிறகு புதிய முறையைவிட 63,180 ரூபாய் அதிகமாகக் கட்ட வேண்டும்!

சரி, மகனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு வீடு, அதற்கு வங்கிக் கடன், ஆண்டு வட்டி 2 லட்சம் என்று வைத்துப் பார்ப்போம் என்று அதையும் போட்டுப் பார்த்தேன். பழைய முறையில் வரி 2,93,280க்கு இறங்கியது. அப்போதும் 780 ரூபாய் நட்டம்.

இதே 24 லட்சத்துக்கு, நிலைக்கழிவு தவிர மற்ற கழிவுகளும் விலக்குகளும் சேர்ந்து 8 லட்சத்தை ஒட்டி வந்தால்தான் பழைய முறை ஜெயிக்கும். வாடகையை 60,000 என்று போட்டால் எச்ஆர்ஏ விலக்கு உச்சமான 6 லட்சத்தைத் தொடும். வீட்டுக்கடன் இல்லாமலேயே பழைய முறை வரி 2,80,800 ஆகும். மிச்சம் 11,700. 60,000 என்ற எண்ணை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவனோடு வேலை பார்க்கும் ஒருவராம், அதன் ரகசியம் இதுதான். 40,000 ரூபாய் வீட்டுக்கு 60,000 வாடகை என்பது கணக்குப் பிழை அல்ல. கணக்கு வேண்டிய இடத்துக்கு வருவதற்காக வாடகையை இழுத்துப் பிடித்தது.

பெற்றோருக்கு வாடகை என்பதில் அதிகாரி முதலில் பார்க்கும் இடமும் இதுதான். பக்கத்து வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய விசாரணை வேண்டியதில்லை. கூட்டிப் போட்ட 20,000 நிராகரிக்கப்பட்டால் விலக்கில் 2,40,000 குறையும், வரி 74,880 கூடும். அது தவறான விவரம் தந்ததாக முடிவானால் அபராதம் அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 1,49,760 வரை போகலாம். வட்டி தனி. 11,700க்காக இதைச் செய்வதா?

இரண்டாவது காரணம் பெரியவருக்கு அதிர்ச்சி. எனக்குமே அதை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது. அவர் இருப்பது செங்காங்கில். பொங்கலுக்குப் போய் மூன்று மாதம் தங்கிவிட்டு வருவார். இந்தியாவில் இருப்பது ஆண்டுக்கு 90 நாள் அளவில்தான், இந்திய வருமானமும் 15 லட்சத்துக்கு வெகு கீழே. ஆகவே வருமான வரிக் கணக்கில் அவர் 'குடியிருப்பாளர் அல்லாதவர்', பேச்சு வழக்கில் என்ஆர்ஐ. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது இங்கே பெரிய விஷயமில்லை, நாள் எண்ணிக்கைதான் விஷயம்.

வீட்டுக்காரர் இந்தியாவிலேயே வசிப்பவர் என்றால், சாதாரண மாதச் சம்பளக்காரர் வாடகையில் வரி பிடிக்க வேண்டியது மாத வாடகை 50,000ஐத் தாண்டினால்தான். விகிதமும் 2 சதவீதம்தான், தனி எண் எதுவும் வேண்டாம். என்ஆர்ஐ வீட்டுக்காரருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. வருமான வரிச் சட்டத்தின் 195ஆம் பிரிவின்படி முதல் ரூபாயிலிருந்தே வாடகைதாரர் வரி பிடித்தாக வேண்டும். விகிதம் 30 சதவீதம், மேல் தீர்வையோடு 31.2. வாடகைதாரர் மகனாக இருந்தாலும் மாற்றமில்லை.

40,000 வாடகையில் மாதம் 12,480 ரூபாய் அரசுக்குப் போகும், அப்பா கையில் 27,520. இதைக் கட்டுவதற்கு மகன் டான் எனப்படும் வரி பிடிப்போர் எண்ணை வாங்க வேண்டும். பிடித்த தொகையை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும் (மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30). மூன்று மாதத்துக்கு ஒரு முறை படிவம் 27Q தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒரு நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பணம் தருவதால் 15CA என்ற படிவமும் உண்டு. ஆண்டுத் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அதில் சின்னப் பகுதி போதும். தாண்டினால் பட்டயக் கணக்காளரின் சான்றிதழ் கேட்கும். 60,000 வாடகையின் இன்னொரு விலை அது.

இவ்வளவும் செய்த பிறகு அப்பா உண்மையில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? வாடகை 4,80,000. அவர் கட்டிய சொத்து வரி 12,000 என்று வைத்தால் மிச்சம் 4,68,000. அதில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துக்கொள்ளச் சொல்கிறது. கேள்வியும் கிடையாது, பில்லும் வேண்டாம். மிஞ்சுவது 3,27,600. வேறு இந்திய வருமானம் இல்லையென்றால் புதிய முறையின் 4 லட்ச அடிப்படை வரம்புக்குள் அடங்கிவிடும், வரி பூஜ்யம். ஆக, ஆண்டு முழுவதும் பிடித்த 1,49,760 ரூபாயும் திரும்ப வரும். ஆனால் அதற்கு அப்பா இந்தியாவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். படிவம் ஐடிஆர்-2, எளிய முதல் படிவம் என்ஆர்ஐகளுக்குக் கிடையாது. 60,000 வாடகை என்றால் அதே சொத்து வரியைக் கழித்து 4,95,600 வருமானம். 4 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு 5 சதவீதமும் தீர்வையும் சேர்த்து 4,971 ரூபாய் அப்பா தலையில் விழும். சிறு வருமானக்காரர்களுக்கு வரியை இல்லாமல் செய்யும் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. ஆகவே மகனின் 11,700 மிச்சத்தில் குடும்பத்துக்கு நின்றது 6,729. கணக்காளர் கட்டணத்துக்கே போதாது.

'மாதாமாதம் 12,480 போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி இல்லையா?' என்று கேட்பார்கள். உண்டு. அப்பா தன் வருமானம் வரிக்குரியதல்ல என்று காட்டி, குறைந்த அல்லது பூஜ்ய விகிதச் சான்றிதழுக்கு முன்கூட்டியே படிவம் 13இல் விண்ணப்பிக்கலாம். மகனின் டான் எண் அதில் குறிப்பிடப்படும். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக வாங்க வேண்டும்.

சிங்கப்பூர் பக்கம் இதில் சிக்கல் எதுவும் இல்லை என்பது ஒரு ஆறுதல். அசையாச் சொத்தின் வருமானத்தை அது இருக்கும் நாடு வரிவிதிக்கலாம் என்று இரு நாட்டு ஒப்பந்தம் சொல்கிறது. தனிநபர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்குப் பொதுவாகச் சிங்கப்பூர் வரி கேட்பதில்லை. வேளச்சேரி வாடகைக்கு இங்கே இரண்டாம் முறை வரி வரும் என்று பெரியவர் பயந்தார், அது தேவையில்லாத பயம்.

வாடகையில் வரி பிடிக்கும் இந்த டிடிஎஸ் விஷயத்தை மகன் கேள்விப்பட்டதே இல்லை. அவன் அலுவலகமும் கேட்கவில்லை. ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் வேண்டும் என்று மட்டும் அலுவலகத்தில் கொடுக்கும் படிவம் 12BB கேட்கும். அந்த பான் சிங்கப்பூரில் இருப்பவருடையதா, சிதம்பரத்தில் இருப்பவருடையதா என்று அலுவலகம் பார்ப்பதில்லை. பார்ப்பது வருமான வரித் துறை. பிடிக்காமல் விட்ட வரிக்கு மகனே பொறுப்பாளி ஆவான். அப்பா தன் கணக்கில் அந்த வாடகையைக் காட்டி, உரிய வரியையும் கட்டியிருந்தால் கணக்காளரின் சான்றோடு அந்தப் பொறுப்பிலிருந்து தப்பலாம். 2019க்குப் பிறகு என்ஆர்ஐ பெறுநர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. தாமதத்துக்கான வட்டி மட்டும் நிற்கும்.

மூன்றாவது, காகிதங்கள். உறவுக்குள் கொடுக்கல் வாங்கல் என்றால் சந்தேகம் இயல்பாகவே கூடும். ஆகவே ஒவ்வொரு காகிதமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இந்த வாடகை நடந்ததா, எழுதப்பட்டதா? மும்பையில் வருமான வரித் தீர்ப்பாயம் 2017இல் ஒரு வழக்கைப் பார்த்தது. அம்மாவுக்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாக மகள் சொன்னார். ஒப்பந்தம் இல்லை, வீட்டுச் சங்கத்துக்குத் தகவல் இல்லை, ரொக்கம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்குத் தடயம் இல்லை, மின்கட்டணம் தண்ணீர்க் கட்டணம் எதுவும் இல்லை. மகள் அங்கே வசித்ததாகவே காட்ட முடியவில்லை. விலக்கு போயிற்று. அந்தத் தீர்ப்பில் 'இவையெல்லாம் இல்லை' என்று சொன்ன பட்டியலைத் திருப்பிப் போட்டால் நாம் வைத்திருக்க வேண்டியவை கிடைத்துவிடும்.

வேளச்சேரிக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். வீடு யார் பெயரில் என்பதற்குக் கிரயப் பத்திரமும் சொத்து வரி ரசீதும். மகனின் பெயரும் பத்திரத்தில் இருந்தால் ஆட்டமே கிடையாது, தன் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு எச்ஆர்ஏ விலக்கு இல்லை. அப்பா அம்மா இருவர் பெயரிலும் இருந்தால் இரண்டு பான், இரண்டு பங்கு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 11 மாதம் என்று எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை தமிழ்நாட்டில் செல்லாது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வீட்டு உரிமையாளர் வாடகைதாரர் சட்டம், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. அப்பா பொங்கலுக்குப் போகும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டால் சுலபம். இங்கிருந்து அதிகாரப் பத்திரம் எழுதி இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பணம் வங்கி வழியாக, என்ஆர்ஐகள் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஓ கணக்கு அப்பா பெயரில் இருக்குமே, அதற்கு, மாதாமாதம், ஒப்பந்தத்தில் உள்ள தேதியை ஒட்டி. மார்ச் மாதத்தில் பன்னிரண்டு மாத வாடகையை மொத்தமாக அனுப்புவது சட்டவிரோதம் அல்ல, ஆனால் பார்ப்பவருக்கு அது கதை சொல்லும். 5,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த வாடகை ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும் என்பதும், வங்கி வழி என்றால் அது தேவையில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் செய்வது வேறொன்று. மகன் 40,000 அனுப்புவான், அதே வாரம் அப்பா 'பேரனுக்கு' என்று 35,000ஐத் திருப்பி அனுப்புவார். அப்பா மகனுக்குத் தரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் மாதாமாதம் வந்த வழியே திரும்பிப் போகும் பணத்தை யாரும் வாடகை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்பாவின் என்ஆர்ஓ கணக்கில் பணம் தங்கி, அதிலிருந்து அவர் சொத்து வரி கட்டி, ஊரில் பாட்டியின் மருந்துச் செலவைப் பார்த்தால் அதுதான் மிக வலுவான சான்று. தனியாக எதையும் எழுதித்தர வேண்டாம், வங்கி அறிக்கையே பேசும்.

எப்படி மாட்டுகிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. மகன் கொடுத்த பான் எண்ணுக்கு எதிராக வருமான வரித் துறையின் கணினியில் வாடகை வருமானம் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். 2020-21 ஆண்டுக்கான சில தாக்கல்களில் வாடகைதாரர் கோரியதற்கும் வீட்டுக்காரர் காட்டியதற்கும் பொருத்தம் இல்லை என்று துறை கண்டது. இது பழைய எச்ஆர்ஏ கணக்குகளை மொத்தமாகத் திறக்கும் இயக்கம் அல்ல என்று 2024 ஏப்ரல் 8இல் விளக்கமும் தந்தது. 2025 ஜூலை 14இல் பொய்க் கழிவுகளைப் போட்டுக் கணக்குத் தாக்கல் செய்து தந்த இடைத்தரகர்களின் 150 இடங்களில் சோதனை நடந்தது. அதில் பேசப்பட்ட இனங்களில் எச்ஆர்ஏவும் உண்டு. தாக்கல் படிவமே இப்போது வேலை செய்யும் ஊர், வாங்கிய எச்ஆர்ஏ, கொடுத்த வாடகை, அடிப்படைச் சம்பளம் என்று தனித்தனியாகக் கேட்கிறது. பழைய மாதிரி ஒரே எண்ணைப் போட்டுவிட்டு நகர முடியாது.

முந்தைய ஆண்டுகளில் ஏற்கெனவே கோரிவிட்டு இப்போது நெஞ்சு படபடப்பவர்களுக்கு, துறை எழுப்புவதற்கு முன் திருத்திய கணக்கோ, காலம் கடந்திருந்தால் கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கோ போடலாம். புதுப்பிக்கும் காலம் இப்போது நான்கு ஆண்டு. தாமதமாகத் தாமதமாகக் கூடுதல் வரி 25 சதவீதத்திலிருந்து 70 வரை ஏறும். ஒன்று கவனிக்க வேண்டும்: 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். நான் மேலே சொன்ன பிரிவு எண்ணும் படிவ எண்களும் 2025-26 வரையிலான பழைய சட்டத்தின்படி.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லி முடித்தபோது தேக்காவில் தேநீர் ஆறிப்போயிருந்தது. "அப்போ வாடகையே வேண்டாம்னு சொல்லிடவா, தம்பி?" என்றார். வாடகையை நிறுத்த வேண்டியதில்லை, எச்ஆர்ஏ விலக்குக் கோருவதைத்தான் விட வேண்டும் என்றேன். ஆனால் விலக்குக் கோராவிட்டாலும் வாடகை என்று பணம் போகும் வரை 195 போகாது, மாதம் 12,480 பிடித்தே ஆக வேண்டும் என்பதையும் சொன்னேன். மகனோடு பேசினார். 60,000 யோசனை அன்றே போனது. வரி விலக்கு இல்லாத இடத்தில் வாடகை என்ற பெயர் எதற்கு என்று மகன் கேட்டிருக்கிறான். 12BBயில் வாடகைக்கான கட்டத்தைக் காலியாக விட்டான், புதிய முறையிலேயே இருந்துகொண்டான். வீட்டின் சொத்து வரியையும் சங்கப் பராமரிப்புக் கட்டணத்தையும் அப்பாவே கட்டுகிறார். மகன் பணம் அனுப்புவது பாட்டிக்கு, நேராக ஊருக்கு.